அதிக ஓட்டம் எடுப்பவர், அதிக விக்கெட் எடுப்பவர்: கிரிக்கெட் பந்தயத்தில் இந்த இரண்டுக்கும் ஏன் இவ்வளவு விலை?

2014 ஏப்ரல் 6 அன்று டாக்காவின் மிர்பூர் மைதானத்தில் நடந்த இருபதுக்கு-20 உலகக் கிண்ண இறுதிப் போட்டியில் இந்தியா 20 ஓவர்களில் 4 விக்கெட்டுகளை இழந்து 130 ஓட்டங்கள் எடுத்தது. இலங்கை 4 விக்கெட்டுகளை இழந்து 134 எடுத்துக் கிண்ணத்தை வென்றது. குமார் சங்கக்காரவின் ஆட்டமிழக்காத 52 பலருக்கும் ஞாபகம் இருக்கும். அந்தப் போட்டியில் இலங்கை அணிக்காக அதிக விக்கெட் எடுத்தவர் யார் என்று கேட்டால் பதில் சொல்வது சிக்கல். நுவன் குலசேகர ஒன்று, அஞ்சலோ மத்யூஸ் ஒன்று, ரங்கன ஹேரத் ஒன்று. நான்காவதாக வீழ்ந்த விராத் கோஹ்லி ரன் அவுட், அது எந்தப் பந்துவீச்சாளரின் கணக்கிலும் வராது. இந்தியாவின் பக்கத்தில் மோஹித் சர்மா, அஷ்வின், அமித் மிஷ்ரா, சுரேஷ் ரெய்னா ஆகிய நால்வரும் ஆளுக்கொரு விக்கெட்.

இரண்டு அணிகளிலும் சேர்த்து ஏழு பேர் "முதலிடம்". அன்று இவர்களில் ஒருவர் மேல் காசு கட்டியிருந்தவருக்கு என்ன கிடைத்திருக்கும் என்பதை, பந்தய நிறுவனங்களின் விதிகளைக் கொண்டு கீழே கணக்குப் போட்டுப் பார்ப்போம். அதற்கு முன் இந்தப் பந்தயம் எப்படி விலையிடப்படுகிறது என்பதைப் பார்க்கவேண்டும்.

கைத்தொலைபேசிச் செயலிகளில் Top Batter, Top Bowler என்று வருபவை இவைதான். எந்த அணி வெல்லும் என்பது பற்றிய கேள்வியே இல்லை. ஓர் அணிக்குள் யார் அதிக ஓட்டம் எடுப்பார், யார் அதிக விக்கெட் எடுப்பார் என்று ஒரு பெயரைத் தெரிவு செய்து காசு கட்டுவது. அணி தோற்றாலும் உங்கள் ஆள் முதலிடம் என்றால் காசு வரும். ஆட்டத்தை நன்றாக அறிந்தவர்களை இது இழுப்பதற்குக் காரணம் உண்டு. எந்த ஆடுகளத்தில் யார் அடிப்பார், புதுப் பந்தில் யார் ஆபத்து என்பதெல்லாம் நமக்குத் தெரியும் என்ற நம்பிக்கைதான் அது. லண்டனிலோ ரொறொன்ரோவிலோ இருக்கும் உறவினருக்கு இது சட்டப்படி திறந்திருக்கும் கடை. இங்கே இருப்பவர்களுக்கு அது தொலைபேசித் திரைக்குள் வந்து நிற்கிறது.

ஒரு பெயருக்கு எதிரே 4.00 என்று போட்டிருந்தால், 100 ரூபா கட்டி அவர் வென்றால் கட்டிய காசும் சேர்த்து 400 ரூபா கைக்கு வரும். இந்த எண்ணை ஒட்ஸ் என்பார்கள். ஒன்றை அந்த எண்ணால் வகுத்தால், அந்த விலை எவ்வளவு வாய்ப்பைச் சொல்கிறது என்பது தெரியும். 1 ÷ 4.00 = 0.25, அதாவது 25 வீதம். நான்கு போட்டிக்கு ஒரு தடவை அவர் முதலிடம் வந்தால் கணக்குச் சரிக்குச் சரி. அதைவிடக் குறைவாக வந்தால் கட்டுபவருக்கு நட்டம்.

எல்லாப் பெயர்களுக்கும் இப்படி வகுத்துக் கூட்டினால், நியாயமான விலை என்றால் 100 வீதம் வரவேண்டும். யாராவது ஒருவர்தானே முதலிடம் வரமுடியும். 100ஐத் தாண்டி வருவது நிறுவனம் விலைக்குள் வைத்துக்கொண்ட தன் பங்கு. அதைத்தான் மார்ஜின் என்கிறார்கள்.

முதலில் யார் வெல்வது என்ற சாதாரணப் பந்தயத்தை எடுப்போம். சம பலமுள்ள இரண்டு அணிகளுக்கும் 1.90 என்று விலை போட்டிருந்தால், இரண்டும் தலா 52.6 வீதம், கூட்டினால் 105.3. கட்டப்படும் ஒவ்வொரு 100 ரூபாவிலும் சராசரியாக 95 ரூபா திரும்பும். ஐந்து ரூபா நிறுவனத்துக்கு.

இப்போது ஓர் அணியின் பதினொரு பேருக்கும் அதிக ஓட்டம் எடுப்பவருக்கான விலைப் பட்டியல் ஒன்றைப் போட்டுப் பார்ப்போம். இது கணக்கைக் காட்டுவதற்காக நான் எழுதிய பட்டியல், ஆனால் இருபதுக்கு-20 ஆட்டமொன்றுக்கு இத்தகைய விலைகள் வழமையாகக் காணக்கூடியவைதான். தொடக்க வீரர்கள் இருவருக்கும் 3.75, 4.00. மூன்றாம் இலக்கத்தில் வருபவருக்கு 4.50, நான்காமவருக்கு 6.00, ஐந்தாமவருக்கு 8.00, ஆறாமவருக்கு 13.00, ஏழாமவருக்கு 21.00, எட்டாமவருக்கு 41.00, ஒன்பதாமவருக்கு 81.00, கடைசி இருவருக்கும் தலா 101.00. பார்வைக்கு எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் முதல் ஐந்து பேரை மட்டும் வகுத்துக் கூட்டினாலே 103 வந்துவிடுகிறது. இன்னும் ஆறு பேர் மிச்சம். பதினொரு பேரையும் கூட்டினால் 121.2.

இதன் பொருள், எவர் முதலிடம் வந்தாலும் 100 ரூபா திரும்பும்படி எல்லோர் மேலும் அளவாகக் கட்ட 121 ரூபா 20 சதம் வேண்டும் என்பது. திருப்பிச் சொன்னால், கட்டிய 100 ரூபாவில் சராசரியாக 82 ரூபா 50 சதம்தான் திரும்பும். அதே திரையில், அதே போட்டிக்கு, வெற்றி தோல்விப் பந்தயத்தில் ஐந்து ரூபா எடுத்த நிறுவனம் இங்கே பதினேழரை ரூபா எடுக்கிறது.

ஏன் இந்த வித்தியாசம்? நிறுவனத்தின் பேராசை என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம், அதில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆனால் பெரிய பகுதி பயம்.

வெற்றி தோல்விக்கு விலை போடும்போது நிறுவனம் ஓர் எண்ணைச் சரியாக மதிப்பிட்டால் போதும், மற்றது தானாக வரும். உலகம் முழுவதும் அந்தப் பந்தயத்தில் பெருந்தொகைகள் புழங்குவதால், விலை தவறாக இருந்தால் சில நிமிடங்களில் சந்தையே அதைத் திருத்திவிடும். அதிக ஓட்டம் எடுப்பவருக்கு விலை போடும்போது பதினொரு எண்கள் சரியாக இருக்கவேண்டும். கட்டுபவருக்கோ அந்தப் பதினொன்றில் ஒன்று தவறாக இருந்தால் போதும். பணமும் குறைவாகவே புழங்குவதால் தவறைத் திருத்தித் தர வேறு யாரும் இல்லை.

அதைவிட முக்கியமானது, இந்த விலை முழுக்க முழுக்க அணிக்குள் நடக்கும் சிறு முடிவுகளைச் சார்ந்தது. நான்காமவர் இன்று தொடக்கத்தில் இறங்கப்போகிறாரா? மூன்றாவது வேகப்பந்து வீச்சாளருக்குப் பதிலாகச் சுழல் வீரர் வருகிறாரா? கடைசி ஓவர்களை யார் வீசப்போகிறார்? போட்டி வெற்றியில் இவை ஓரிரு வீதத்தை அசைக்கும். ஆனால் ஆறாம் இலக்கத்தில் ஆடும் ஒருவர் தொடக்க வீரராக மாறினால், அவர் முதலிடம் வரும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்காகிவிடும். அணிப் பட்டியல் அதிகாரபூர்வமாக வெளிவருவது நாணயச் சுழற்சி நேரத்தில், ஆட்டம் தொடங்க ஏறத்தாழ அரை மணித்தியாலம் முன்பு. துடுப்பாட்ட வரிசை அதிலும் உறுதியாகத் தெரியாது. உடைமாற்றும் அறைக்குள் இருப்பவர்களுக்கும் அவர்களோடு பழகுபவர்களுக்கும் இவை முதல் நாளே தெரியும். விலை போடுபவருக்குத் தெரியாது.

அப்படிப்பட்ட தகவலுக்கு என்ன பெறுமதி என்பதற்கு எங்கள் நாட்டிலேயே நடந்த ஒரு சம்பவம் சாட்சி. 1994இல் அவுஸ்திரேலிய அணி இலங்கை வந்திருந்தபோது, 'ஜோன்' என்று மட்டும் தன்னை அறிமுகப்படுத்திய ஒரு புக்கி, ஷேன் வோர்னுக்கு 5,000 அமெரிக்க டொலர்களும் மார்க் வோவுக்கு 4,000 டொலர்களும் கொடுத்தார். பின்னர் அவர்கள் கொடுத்ததாக ஒப்புக்கொண்டது ஆடுகளம் பற்றியும் காலநிலை பற்றியுமான சாதாரணத் தகவல்களை மட்டுமே. அவுஸ்திரேலியக் கிரிக்கெட் சபை 1995இல் இருவருக்கும் இரகசியமாக அபராதம் விதித்தது, 1998 டிசம்பரில்தான் அது வெளியே வந்தது. மழை வருமா, ஆடுகளம் எப்படி என்பதற்கே அவ்வளவு கொடுக்க ஒருவர் ஆயத்தமாக இருந்தார் என்றால், துடுப்பாட்ட வரிசைக்கு எவ்வளவு கொடுப்பார்கள் என்று யோசிக்கலாம். இன்று சர்வதேச கிரிக்கெட் சபையின் ஊழல் தடுப்பு விதிக்கோவை, பந்தயத்துக்குப் பயன்படக்கூடும் என்று தெரிந்துகொண்டே உள்ளகத் தகவலை வெளியே சொல்வதைத் தனிக் குற்றமாக வைத்திருக்கிறது.

ஆகவே நிறுவனம் இரண்டு வழிகளில் தன்னைக் காத்துக்கொள்கிறது. ஒன்று, ஒருவர் கட்டக்கூடிய தொகைக்குக் குறைந்த உச்ச வரம்பு, அதோடு தொடர்ந்து வெல்பவரின் கணக்கை மேலும் சுருக்குதல். மற்றது, விலையைக் குறைத்துப் போட்டு, தெரிந்தவரிடம் இழப்பதைத் தெரியாதவர்களிடம் ஈடுகட்டுதல். பட்டியல் வெளிவரமுன் ஆர்வத்தில் ஆயிரம் ரூபா கட்டும் ஒருவர், அணிக்குள்ளிருந்து தகவல் பெற்ற யாரோ ஒருவரின் வெற்றிக்கும் சேர்த்துக் காசு கட்டுகிறார்.

இந்தப் பதினேழரை ரூபா எல்லாப் பெயர்களிலும் ஒரே அளவாக ஏற்றப்படுவதில்லை. மேலே உள்ள பட்டியலில் ஒன்பதாமவருக்கு 81.00 போட்டிருக்கிறது. இருபதுக்கு-20 ஆட்டத்தில் ஒன்பதாமவர் பல தடவை மட்டையைத் தொடவே மாட்டார். அவர் உண்மையில் 400 போட்டிக்கு ஒரு தடவை முதலிடம் வருகிறார் என்று வைத்துக்கொண்டால், அவர் மேல் கட்டும் 100 ரூபாவில் சராசரியாகத் திரும்புவது 20 ரூபா. மிச்சம் 80 போய்விடும். தொடக்க வீரர் மேல் கட்டுபவர் இழப்பது சராசரியைவிடக் குறைவாக இருக்கும், கீழே போகப் போகக் கழுத்தறுப்புக் கூடும். நூறு ரூபாவுக்கு எண்ணாயிரம் என்ற எண்ணைப் பார்ப்பவர், அது எண்ணாயிரமா நாற்பதாயிரமா ஆகவேண்டியது என்று கேட்பதில்லை. லொத்தர் சீட்டு விற்பதும் இதே மனதை நம்பித்தான்.

நிறுவனத்துக்கும் இங்கே ஒரு நியாயம் உண்டு. 2013 ஜூலையில் நொட்டிங்ஹாமில், ஆஷஸ் தொடரின் முதல் டெஸ்டில், அவுஸ்திரேலியா 117க்கு 9 விக்கெட் இழந்திருந்தபோது அறிமுக வீரர் அஷ்டன் ஏகர் பதினொராமவராக வந்து 98 ஓட்டங்கள் எடுத்தார். பிலிப் ஹியூஸின் 81ஐயும் தாண்டி அந்த இன்னிங்ஸில் அவுஸ்திரேலியாவின் அதிகபட்சம் அதுதான். இப்படியான ஒன்று எத்தனை வருடத்துக்கு ஒரு தடவை வரும் என்று யாரும் துல்லியமாகச் சொல்லமுடியாது. சொல்லமுடியாததற்கு விலை போடச் சொன்னால், விலை போடுபவர் தாராளமாகப் போடமாட்டார்.

இனி மிர்பூருக்குத் திரும்புவோம்.

இருபதுக்கு-20இல் ஒருவர் வீசக்கூடியது நான்கு ஓவர்கள், 24 பந்துகள். குறைந்தது ஐந்து பேர் வீசியாகவேண்டும். விழும் விக்கெட்டுகள் இந்த ஐந்து ஆறு பேருக்குள் ஒன்று, இரண்டு என்று சிதறும். அதனால் முதலிடத்தில் இருவர் மூவர் சமப்படுவது சாதாரணம். ஓட்டங்களில் இருவர் சமப்படுவது அரிது, ஏனென்றால் எண்கள் பெரியவை. சமநிலையை எப்படித் தீர்ப்பது என்பதில்தான் நிறுவனத்துக்கு நிறுவனம் விதி வேறுபடுகிறது.

ஒரு விதி, விக்கெட் சமம் என்றால் குறைந்த ஓட்டம் கொடுத்தவர் வென்றார் என்பது. அன்று ஹேரத் 23, மத்யூஸ் 25, குலசேகர 29 ஓட்டங்கள் கொடுத்தார்கள். இந்த விதிப்படி ஹேரத்துக்கு முழுக் காசு. மத்யூஸ் மேல் கட்டியவருக்கு ஒரு சதமும் இல்லை. இரண்டே ஓட்ட வித்தியாசம், ஒரு தவறிய களத்தடுப்பு அதை மாற்றியிருக்கும்.

மற்ற விதி, கட்டிய காசைச் சமப்பட்டவர்களின் தொகையால் பிரிப்பது. மத்யூஸுக்கு 5.00 விலையில் ஒருவர் 1,000 ரூபா கட்டியிருந்தார் என்று வைப்போம். மூவர் சமம் என்பதால் அவருடைய 1,000இல் மூன்றில் ஒன்று, 333 ரூபா மட்டும் வென்றதாகக் கணிக்கப்படும். அதற்கு 5.00 விலையில் 1,667 ரூபா. மீதி 667 தோற்றதாகப் போகும். எதிர்பார்த்தது 5,000. இந்தியப் பக்கத்தில் அஷ்வினுக்கு 3.50 விலையில் 1,000 கட்டியவரின் நிலை இன்னும் மோசம். நால்வர் சமம், ஆகவே 250 ரூபாதான் வென்றது, 3.50 விலையில் 875 ரூபா. "வென்றீர்கள்" என்று திரையில் வரும், கையில் 125 ரூபா குறைந்திருக்கும்.

இந்தப் பிரிப்பே ஒரு கள்ளக் கணக்கு என்று பலர் கோபப்படுவார்கள். அப்படி அல்ல. யாருடைய பங்கையும் நிறுவனம் இரண்டு தடவை எடுக்கவில்லை, மூன்றில் ஒன்று மூன்று சேர்ந்தால் ஒன்றுதான். சிக்கல் கட்டுபவரின் பக்கத்தில் நடக்கும் எண்ணிக்கையில். ஒரு பந்துவீச்சாளரின் கடந்த இருபது போட்டிகளை எடுத்து, எத்தனையில் அதிக விக்கெட் எடுத்தார் என்று எண்ணும்போது, சமப்பட்ட போட்டிகளையும் முழுதாக ஒன்று என்று எண்ணிவிடுகிறோம். மிர்பூர் போட்டியை மூவரின் ரசிகர்களும் தங்கள் ஆளுக்கு ஒன்று என்று எழுதிக்கொள்வார்கள். ஒரு போட்டி, மூன்று வெற்றிகள். இப்படி எண்ணினால் அணியிலுள்ள எல்லோருடைய வீதமும் கூடி 130, 140 என்று வரும், நிறுவனத்தின் பட்டியலும் 125 என்று இருக்கும், இரண்டையும் ஒப்பிட்டவருக்கு விலை நல்லதாகவே தெரியும். சரியாக எண்ணுவதென்றால் மூவர் சமப்பட்ட போட்டியை மூன்றில் ஒன்று என்று எழுதவேண்டும். அல்லது நிறுவனம் குறைந்த ஓட்ட விதியைப் பின்பற்றினால் ஹேரத்துக்கு ஒன்று, மற்ற இருவருக்கும் பூச்சியம். வீரர்களைப் பற்றிய புள்ளிவிபரத் தளங்களில் காணப்படும் "அணியின் அதிக விக்கெட்" எண்ணிக்கைகளைப் பார்க்கும்போதும் இது எப்படி எண்ணப்பட்டது என்று முதலில் கேட்கவேண்டும்.

அன்றைய போட்டியில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. இந்தியாவின் இன்னிங்ஸில் நான்கே விக்கெட்டுகள் விழுந்ததால் ரெய்னா துடுப்பெடுத்தாடவே இல்லை. ஒருவர் அணியிலேயே இல்லையென்றால் கட்டிய காசைத் திருப்பித் தருவது வழமை. ஆனால் பதினொருவரில் இருந்து, மட்டையோடு இறங்கவில்லை என்றால் பெரும்பாலான விதிகளில் அது தோல்வி. ரெய்னாவுக்குக் கட்டியவர் ஒரு பந்தையும் பார்க்காமல் தோற்றார். அணி நன்றாக ஆடுவதும் நடுவரிசை வீரர் மேல் கட்டியவருக்குப் பாதகம், அணி சிறிய இலக்கைத் துரத்துவதும் பாதகம். நாணயச் சுழற்சிக்கு முன் கட்டுபவருக்கு இரண்டில் எது நடக்கும் என்று தெரியாது. சங்கக்காரவையே எடுங்கள். அந்தத் தொடரில் அதற்கு முன் அவர் சொல்லத்தக்க ஓட்டம் எடுத்திருக்கவில்லை. அண்மைய ஆட்டத்தை வைத்துக் கணித்தவர்கள் யாரும் அன்று அவரைத் தெரிவு செய்திருக்கமாட்டார்கள். 120 பந்துகளுக்குள் முடியும் இன்னிங்ஸில் திறமைக்கும் முடிவுக்கும் இடையில் அவ்வளவு இடைவெளி.

ஒரு பட்டியல் எவ்வளவு பாரம் என்பதைக் கண்டுபிடிக்கக் கைத்தொலைபேசியில் உள்ள கணிப்பான் போதும். ஒவ்வொரு விலைக்கும் ஒன்றை வகுத்து எல்லாவற்றையும் கூட்டவேண்டும். எட்டுப் பெயர்கள் மட்டும் தெரிகிறது, மற்றவர்கள் "கேட்டால் தரப்படும்" என்று இருந்தால், கூட்டுத்தொகை உண்மையில் இன்னும் கூடுதல். பெயர் பட்டியலில் இல்லாத ஒருவர் முதலிடம் வந்தாலும், கட்டிய மற்ற எல்லோரும் தோற்பார்கள்.

விலையை உயர்த்தித் தருகிறோம் என்று வரும் விளம்பரங்களையும் இதே கணிப்பானில் போட்டுப் பார்க்கலாம். நமது பட்டியலில் தொடக்க வீரரின் 3.75ஐ இன்று மட்டும் 4.25 என்று உயர்த்தினார்கள் என்று வைப்போம். மார்ஜின் எல்லோர் மேலும் சமமாக ஏற்றப்பட்டது என்று எடுத்தாலும், அவருடைய நியாயமான விலை 3.75ஐ 1.212ஆல் பெருக்க வருவது, அதாவது ஏறத்தாழ 4.54. உயர்த்திய பிறகும் விலை குறைவுதான். தொடக்க வீரர் மேல் ஏற்றப்பட்டது குறைவு என்பதால் இடைவெளி இதைவிடச் சிறிதாக இருக்கலாம். சில நாட்களில் உயர்த்திய விலை நியாய விலையைத் தொட்டுவிடுவதும் உண்டு, அந்த நாட்களில் கட்டக்கூடிய தொகை மிகச் சிறிதாக இருக்கும்.

கூட்டுப் பந்தயம் இதற்கு நேர் எதிர். ஒரு போட்டியில் அதிக ஓட்டம் எடுப்பவர், இன்னொன்றில் அதிக விக்கெட் எடுப்பவர், மூன்றாவதில் இன்னொருவர் என்று மூன்றையும் ஒரே சீட்டில் கோர்த்தால் விலை 60, 70 என்று ஏறும். ஒவ்வொன்றிலும் 100க்கு 82.50 திரும்புகிறது என்றால், மூன்றும் பெருகி 56 ரூபாவாகும். நான்காவது ஒன்றைச் சேர்த்தால் 46. செயலிகள் இந்தச் சீட்டைத்தான் திரையின் உச்சியில், பெரிய எழுத்தில், ஏற்கனவே பெயர்கள் தெரிவு செய்யப்பட்ட நிலையில் வைத்திருக்கின்றன.